6 மணி நேரத் தேரோட்டப் பதிவு 12 நிமிடப் படமாவது எப்படி?

ஊர்த் திருவிழாவைப் பதிவு செய்கிறவர்கள் வீட்டில் ஹார்ட் டிஸ்க் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். கொடியேற்றத்திலிருந்து விடையாற்றி வரை எல்லாம் அதில் உண்டு. எடுத்தவரே அதை முழுதாக ஒருமுறை உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார். சரி, சுருக்கலாம் என்று ஒருநாள் தொடங்குவார். நல்ல ஷாட்களைப் பொறுக்கி, நடந்த வரிசையிலேயே கோர்த்து, மேலே ஒரு பக்திப் பாடலைப் போட்டுவிடுவார். பார்க்கிறவர்கள் 3 நிமிடத்தில் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்கள். எல்லா ஷாட்டும் அழகாக இருந்தும் அடுத்து என்ன ஆகும் என்ற எதிர்பார்ப்பு எங்கும் எழவில்லை என்பதுதான் காரணம்.

இந்த வழிகாட்டியில் திருவிழா முழுவதையும் எடுத்துக்கொள்ளவில்லை. தேரோட்டம் என்ற ஒரு நாளை மட்டும் எடுத்துக்கொண்டு, அதிலும் திருவாரூர் ஆழித்தேரை வைத்துச் சொல்கிறேன். உங்கள் ஊர்த் தேர் சிறியதாக இருக்கலாம். வேலை ஒன்றேதான்.

கையில் இருப்பது இது என்று வைத்துக்கொள்வோம். தெருவில் ஆளோடு நடந்து எடுத்த கேமரா ஒன்று, மாடியில் ஸ்டாண்டு போட்டு வைத்த கேமரா ஒன்று, நண்பர் ஒருவரின் போன். மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 6 மணி நேரம். வேண்டியது 12 நிமிடப் படம்.

எதற்காகக் கடைசி வரை பார்க்க வேண்டும்?

டைம்லைனைத் திறப்பதற்கு முன்பே இதற்குப் பதில் வேண்டும். படம் தொடங்கும்போது ஏதோ ஒன்று முடியாமல் நிற்க வேண்டும், முடியும்போது அது தீர்ந்திருக்க வேண்டும். தேரோட்டத்தில் அது தானாகவே அமைந்திருக்கிறது. தேர் நிலையிலிருந்து கிளம்பி, நான்கு வீதியும் சுற்றி, மறுபடி நிலைக்கு வந்து சேர வேண்டும். ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம், எடை 300 டன் என்பார்கள். அது நகருமா, நான்கு முக்கிலும் திரும்புமா, பொழுதோடு நிலை சேருமா என்பதே கேள்வி. பக்தி, கூட்டம், அலங்காரம் எல்லாம் இந்தக் கேள்வியின் மேல்தான் ஏறி வர வேண்டும்.

கேள்வி கிடைத்ததும் அதைச் சுமக்க ஓர் ஆளைத் தேடுங்கள். திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறவராக இருந்தால் போதும், பேட்டி எதுவும் தேவையில்லை. தேரோட்டத்தில் என் முதல் தேர்வு முட்டுக்கட்டை போடுகிறவர்தான். வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள், யாரையும் நினைவில் வைக்க முடியாது. தேரின் மேல் நிற்கும் குருக்கள் தூரத்தில் இருப்பார். முட்டுக்கட்டைக்காரரோ சக்கரத்துக்கு ஓர் அடி பக்கத்தில், கையில் கட்டையோடு, தேர் நகரும்போதெல்லாம் கூடவே ஓடுகிறார். தேரை நிறுத்துவதும் ஒரு பக்கமாகத் தள்ளித் திருப்புவதும் அந்தக் கட்டைதான். அவர் முகம் காலையிலும் நடுப்பகலிலும் மாலையிலும் உங்கள் பதிவில் எங்காவது இருக்கிறதா பாருங்கள். மூன்று இடத்தில் இருந்தால் படத்துக்கு முதுகெலும்பு கிடைத்தாயிற்று. இல்லையென்றால் தவில்காரரோ, தாம்பாளத்தோடு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் காத்திருக்கும் ஒரு பாட்டியோ கூட ஆகும். பதிவில் மூன்று இடத்தில் வர வேண்டும் என்பதுதான் விதி.

முதல் வேலை: முழுதாகப் பார்த்து எழுதுவது

6 மணி நேரத்தையும் ஓட்டாமல் பார்க்க வேண்டும். இரட்டை வேகத்தில் பார்த்தால் படம் தெரியும், சத்தம் போய்விடும். திருவிழாப் படத்தில் பாதி சத்தம்தான்.

நோட்டிலோ எக்செல்லிலோ ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு வரி எழுதுங்கள். கேமரா, கிளிப் எண், நேரம், என்ன நடக்கிறது, என்ன கேட்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது. கடைசி இரண்டும்தான் பலர் விடுவது. எனக்கு வேண்டிய வரி இப்படி இருக்கும்: “மாடி, கிளிப் 14, 11:20, தெற்கு வீதி முக்கு, தேர் நிற்கிறது, இரும்பு பிளேட் போடுகிறார்கள், சுத்தியல் சத்தம் சுத்தமாக இருக்கிறது, வீட்டுப் பக்கம்.” “தேர், நல்லா இருக்கு” என்று மட்டும் எழுதினால் நான்கு நாள் கழித்து உங்களுக்கே பயன்படாது.

பார்க்கும்போதே தூக்கிப் போட வேண்டியவை தெரியும். கேமரா எதையோ தேடி அலைகிற ஷாட், யாரோ முன்னால் வந்து நின்றவை, நிறுத்த மறந்து செருப்பைப் படம் பிடித்த 10 நிமிடம். ஆனால் ஆடுகிற ஷாட் எல்லாவற்றையும் கழிக்காதீர்கள். வடம் திடீரென்று இழுபடும்போது கூட்டத்தோடு கேமராவும் தள்ளப்பட்ட அந்த 4 விநாடி, ஸ்டாண்டில் எடுத்த எதையும் விட உண்மையாக இருக்கும். இந்தச் சுற்று முடியும்போது 6 மணி நேரம் ஏறக்குறைய 40 நிமிடமாகச் சுருங்கியிருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் நீங்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை என்று பொருள்.

போன் கிளிப்பில் ஒரு தொல்லை உண்டு. பல போன்கள் சீரான பிரேம் வேகத்தில் எடுப்பதில்லை, வெளிச்சத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்கும். டைம்லைனில் போட்டால் முதல் நிமிடம் சரியாக இருக்கும், போகப் போகத் தவில் அடியும் கையும் ஒட்டாமல் விலகும். எடிட்டுக்குள் எடுத்து வருவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்:

```
ffmpeg -i phone.mp4 -r 25 -fps_mode cfr -c:v libx264 -crf 16 -c:a pcm_s16le -ar 48000 phone_25.mov
```

கேமராக்கள் 25 பிரேமில் எடுத்தவை என்பதால் இங்கே 25. உங்களுடையது 30 என்றால் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். DaVinci Resolve பயன்படுத்துகிறவர்கள் Timeline frame rate-ஐ முதலிலேயே சரியாக வைக்க வேண்டும். கிளிப் ஏறிய டைம்லைனில் அதை மாற்ற விடாது.

மூன்று பதிவையும் ஒன்றோடொன்று ஒட்டுவதற்கு வெடிச் சத்தம் நல்ல குறி என்று பலர் சொல்வார்கள். ஓரளவுக்குத்தான் சரி. சத்தம் விநாடிக்கு 340 மீட்டர் போல்தான் போகிறது. 100 மீட்டர் தள்ளி மாடியில் இருந்த கேமராவுக்கு அந்த வெடி கால் விநாடிக்கு மேல் தாமதமாகக் கேட்டிருக்கும், அதாவது 7 பிரேம். சாஃப்ட்வேர் சத்தத்தை வைத்து ஒட்டினால் படம் 7 பிரேம் பிசகியிருக்கும். கூட்டத்தைக் காட்டும் அகல ஷாட்டில் யாருக்கும் தெரியாது. தவில்காரரின் கை தெரியும் ஷாட்டில் உடனே தெரியும். அங்கே கையும் சத்தமும் சேரும் வரை ஒலியை மட்டும் பிரேம் பிரேமாக முன்னால் நகர்த்துங்கள்.

கோயில் பக்கமா, வீட்டுப் பக்கமா?

தேரோட்டப் படங்களில் எனக்கு மிகவும் எரிச்சல் தருவது இது. ஒரு ஷாட்டில் தேர் இடமிருந்து வலமாகப் போகிறது. அடுத்த ஷாட்டில் வலமிருந்து இடமாக வருகிறது. ஊர்க்காரருக்குத் தெரு தெரியும், குழப்பம் இல்லை. வெளியூர்க்காரருக்குத் தேர் திரும்பி வந்துவிட்டதாகத் தோன்றும்.

இதற்கு எளிய கணக்கு இருக்கிறது. தேர் வலமாகச் சுற்றுகிறது, ஆகவே கோயில் எப்போதும் தேரின் வலது கைப்பக்கம் இருக்கும். நீங்கள் கோயில் மதில் பக்கம் நின்று எடுத்தால் தேர் திரையில் இடமிருந்து வலமாக நகரும். எதிரே வீட்டுப் பக்கம் நின்று எடுத்தால் வலமிருந்து இடமாக. கீழவீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி, எந்த வீதியிலும் இது மாறாது. அதனால்தான் குறிப்பில் பக்கத்தை எழுதச் சொன்னேன். படத்தின் பெரும்பகுதிக்கு ஒரு பக்கத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். எது அதிகம் இருக்கிறதோ அது. மறுபக்க ஷாட் வேண்டுமென்றால் இரண்டுக்கும் நடுவே தேர் நேராகக் கேமராவை நோக்கி வரும் ஷாட்டையோ, வடத்தைப் பிடித்த கைகளையோ, கலசத்தையோ 3 விநாடி வையுங்கள். கண் அதற்குள் திசையை மறந்துவிடும்.

ஷாட்டைக் கண்ணாடிபோல் இடம் வலமாகப் புரட்டிப்போடும் வசதி எல்லா எடிட்டிங் சாஃப்ட்வேரிலும் உண்டு. அதைத் தொடாதீர்கள். கடைப் பலகையில் எழுத்து இடவலம் மாறித் தெரியும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். மதிலும் கோபுரமும் தேருக்கு இடப்பக்கம் வந்துவிடும், சுவாமி அப்பிரதட்சிணமாகச் சுற்றுகிறார் என்று ஆகிவிடும். ஊரில் ஒருவர் கண்ணில் பட்டாலும் போதும்.

தொடக்கம்: நிற்கும் தேர்

ட்ரோனில் கோபுரத்தைச் சுற்றி வந்து தொடங்காத திருவிழா வீடியோ இப்போது அரிது. அழகுதான், ஆனால் அதில் கேள்வி இல்லை. ஊர் பெரியது, கோயில் பெரியது என்று தெரிந்துகொண்டு பார்க்கிறவர் அங்கேயே நிறைந்துவிடுகிறார்.

நிற்கும் சக்கரத்தில் தொடங்குங்கள். விடிந்தும் விடியாத வெளிச்சம், சக்கரத்துக்கு முன்னால் கட்டை, யாரோ அச்சில் கிரீஸ் தடவுகிறார். மேளம் இன்னும் வரவில்லை, எங்கோ சுத்தியல் அடிக்கும் சத்தம் மட்டும். இந்த ஷாட் 8 விநாடி. அடுத்தது நம் முட்டுக்கட்டைக்காரர், கட்டையைக் கையில் எடை பார்க்கிறார், 6 விநாடி. பிறகு தெருவில் நீட்டிக் கிடக்கும் வடம். அதன் ஒரு முனையிலிருந்து நடந்து எடுத்த ஷாட் இருந்தால் முழுதாகப் போடுங்கள், 15 விநாடி ஆனாலும் பரவாயில்லை. அந்த வடத்தின் நீளம்தான் தேரின் எடையைச் சொல்லப் போகிறது. இவ்வளவுக்கும் பிறகு முதன்முறையாகத் தேரை அடியிலிருந்து உச்சி வரை காட்டுங்கள். 96 அடியை எண்ணாகச் சொல்லத் தேவையே வராது.

எந்த ஊர், எந்த விழா என்பதற்கு “திருவாரூர், பங்குனி” என்று ஒரு வரி எழுத்து போதும். தலபுராணத்தைக் குரலில் சொல்லித் தொடங்கினால் முதல் நிமிடம் அதிலேயே போய்விடும்.

தொடக்கத்தின் முடிவு முதல் அசைவு. கூட்டம் “ஆரூரா, தியாகேசா” என்கிறது, வடம் இறுகுகிறது, பின்னால் புல்டோசர் உறுமுகிறது, தேர் இன்னும் நிற்கிறது. அந்த நிற்கும் நேரத்தை நறுக்காதீர்கள். இறுகிய வடம், நகராத சக்கரம், மேலே தொங்கியபடி ஆடத் தொடங்கும் துணித் தொம்பை, மறுபடி நகராத சக்கரம். பிறகு சக்கரம் உருள்கிறது. அங்கேதான் படத்தின் பெயரைப் போட வேண்டும். ஏறக்குறைய 2 நிமிடம் 30 விநாடி ஆகியிருக்கும்.

புல்டோசரை மறைக்கலாமா என்று பலர் கேட்பார்கள். பழைய அழகு கெடுகிறதாம். மறைக்கக் கூடாது என்பது என் கட்சி. திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்த இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் அந்தத் தேரில் இருக்கின்றன, பின்னால் இயந்திரம் தள்ளுகிறது, முன்னால் ஊர் இழுக்கிறது. இன்றைய ஆழித்தேர் அதுதான். மஞ்சள் நிறப் புல்டோசர் திடீரென்று நடுவில் ஒரு ஷாட்டில் தலைகாட்டினால்தான் உறுத்தும். தொடக்கத்திலேயே ஒருமுறை காட்டிவிட்டால் பிறகு யாரும் கவனிக்கமாட்டார்கள்.

இங்கே ஒரு வழக்கமான விபத்து நடந்திருக்கும். தேர் முதன்முதலில் அசைந்த அந்தக் கணத்தில் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்திருப்பீர்கள். அல்லது கேமரா கார்டில் ஒரு கோப்பை முடித்து அடுத்ததைத் தொடங்கிய இடமாக இருக்கும். ஷாட் இல்லை, ஆனால் அந்தக் கூச்சல் போனில் பதிவாகியிருக்கும். அதை அடியில் போட்டு, மேலே இறுகும் வடம், நிமிர்ந்து பார்க்கும் முகங்கள், கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கைகள், பிறகு ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருக்கும் தேர். பார்க்கிறவருக்கு அசைவைப் பார்த்த நினைவே இருக்கும். போன வருடப் பதிவிலிருந்து அந்த ஷாட்டை எடுத்து ஒட்டுவது மட்டும் வேண்டாம். தேர்ச்சீலையும் தோரணமும் வருடத்துக்கு வருடம் மாறியிருக்கும். அதைவிட, இந்த வருடம் நடந்தது என்று சொல்லிவிட்டு வேறு வருடத்தைக் காட்டுவது பொய்.

நடு: ஒரு முக்கு போதும்

நான்கு வீதிக்கும் சம நேரம் கொடுப்பதுதான் நடுப்பகுதியைக் கொல்கிறது. ஒவ்வொரு வீதியிலும் தேர் போகும், ஒவ்வொரு முக்கிலும் திரும்பும். இரண்டாவது முறை அதையே பார்க்கும்போது புதிதாக ஒன்றும் இல்லை. ஒரு முக்கை மட்டும் முழுதாகக் காட்டி மற்ற மூன்றையும் அதன் பலத்தில் கடந்துவிட வேண்டும். எந்த முக்கு என்பதை உங்கள் பதிவுதான் சொல்லும். எங்கே மாடியிலிருந்தும் தெருவிலிருந்தும் ஒரே நேரத்தில் எடுத்திருக்கிறீர்களோ, அது. நம் கணக்கில் கீழவீதி முடிந்து தெற்கு வீதிக்குத் திரும்பும் முக்கு.

அதற்கு முன் கீழவீதி ஒரு நிமிடம். இது ஓட்டம், ஷாட் ஒவ்வொன்றும் 2, 3 விநாடிதான். வடம், கால்கள், வாசலில் தாம்பாளம், நீர்மோர்ப் பந்தல், மாடியில் குழந்தைகள். பார்க்கிறவருக்குத் தேர் சுலபமாகப் போகிறது என்று தோன்ற வேண்டும். அப்போதுதான் முக்கில் அது நிற்கும்போது நின்றதாகத் தெரியும்.

இப்போது முக்கு, 4 நிமிடம். முதல் ஷாட் மாடியிலிருந்து, அகலமாக, குறைந்தது 8 விநாடி. வந்த தெரு, போக வேண்டிய தெரு, இரண்டுக்கும் நடுவே நிற்கும் தேர், புதிய தெருவுக்குள் வளைத்து எடுத்துப் போகும் வடம், இவ்வளவும் ஒரே சட்டகத்தில் தெரிய வேண்டும். இந்த ஷாட் இல்லாமல் அடுத்து வருவது எதுவும் புரியாது. பிறகு கீழே இறங்குங்கள். சக்கரத்துக்கு முன்னால் இரும்பு பிளேட் போடுகிறார்கள், அதன்மேல் கிரீஸை அள்ளிப் பூசுகிறார்கள், ஏனென்றால் இவ்வளவு எடையுள்ள தேர் உருண்டு திரும்பாது, வழுக்கித்தான் திரும்ப வேண்டும். நம் ஆள் சக்கரத்தின் ஒரு பக்கத்தில் கட்டையைச் செருகுகிறார். யாரோ கையை உயர்த்திக் கத்துகிறார். இழுக்கிறார்கள். நகரவில்லை, அல்லது ஒரு சாண் நகர்ந்து நின்றுவிட்டது. கட்டையை எடுத்து மறுபடி செருகுகிறார்.

நிஜத்தில் வெகுநேரம் பிடித்த இந்த வேலையை 4 நிமிடத்தில் அடக்க வேண்டும். வேகமாக ஓட்டிக் காட்டும் எண்ணம் வரும், தவிர்த்துவிடுங்கள். வேகமாக ஓடும் தேர் பொம்மைத் தேர் போல் இருக்கும். 300 டன் என்பது மெதுவில்தான் தெரிகிறது. நேரத்தைக் குறைப்பதற்கு வழி, கையிலிருந்து முகத்துக்கு, முகத்திலிருந்து சக்கரத்துக்குப் போய் வருவது. சக்கரத்துக்குத் திரும்பும்போது அது இரண்டு சாண் தள்ளி இருந்தால் நடுவில் போன 10 நிமிடத்தை யாரும் கேட்கமாட்டார்கள். நிழலை மட்டும் பாருங்கள். முதல் ஷாட்டில் தேரின் நிழல் நீளமாகத் தெருவில் கிடந்து, அடுத்ததில் காலடியில் சுருங்கியிருந்தால் அந்த இரண்டையும் பக்கத்தில் வைக்காதீர்கள்.

திரும்புவதைக் காட்ட மிகச் சிறந்த ஷாட் தரையில் இல்லை. ஏதாவது ஒரு வீட்டின் மாடி விளிம்பையோ மின்கம்பத்தையோ ஓரத்தில் வைத்துக்கொண்டு தேரின் உச்சியைப் பார்த்தால், கலசம் அந்த விளிம்பை விட்டு மெல்ல விலகுவது தெரியும். கீழே சக்கரம் ஓர் அடி நகர்வதை மேலே கலசம் காட்டிக்கொடுத்துவிடும். மாடிக் கேமராவில் அப்படி ஒன்று கட்டாயம் இருக்கும், தேடுங்கள். கிடைத்தால் 25 விநாடி வெட்டாமல் விடுங்கள். இதுதான் படத்தின் நடுமையம். அது முடிந்து தேர் தெற்கு வீதியில் நேரானதும் மறுபடி ஓர் அகல ஷாட், கூட்டத்தின் ஆரவாரம்.

மீதி வீதிகளுக்கு 2 நிமிடம். இதில் ஓட்டம் வேண்டாம், ஓய்வு வேண்டும். தேர் நிற்கும் வேளை, நிழலில் உட்கார்ந்திருக்கும் வடக்காரர்கள், மோர் குடிக்கும் நம் ஆள், கிரீஸ் படிந்த கைகள். பிறகு இன்னொரு முக்கை ஒரே ஷாட்டில், கலசம் நகர்வது மட்டும், 10 விநாடி. என்ன நடக்கிறது என்று பார்க்கிறவருக்கு இப்போது தெரியும், விளக்க வேண்டியதில்லை. வடக்கு வீதியில் மாலை வெயில்.

சாமி வந்து ஆடுகிறவர்கள், மயங்கி விழுந்தவர்கள், அழுகிறவர்கள் எல்லாத் திருவிழாப் பதிவிலும் இருப்பார்கள். பரபரப்பான ஷாட் என்று நடுவில் சேர்க்கத் தோன்றும். நம் கேள்விக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. அந்த மனிதர் நாளைக்குக் கடைத்தெருவில் நடக்க வேண்டியவர். விட்டுவிடுங்கள்.

முடிவு: நிலை சேர்ந்ததும் நிறுத்துங்கள்

முடிவுக்கு 2 நிமிடம், அதில் பெரும்பகுதி நிலை சேர்வதற்கு முன்னால் வர வேண்டும். தேர் மறுபடி கீழவீதிக்குள் நுழைகிறது. காலையில் முதன்முதலில் தேரைக் காட்டிய அதே இடத்திலிருந்து எடுத்த ஷாட் இருந்தால் இங்கே வையுங்கள். சுற்று முடிகிறது என்பதை அது ஒன்றே சொல்லிவிடும். கடைசிச் சில அடிகள் மெதுவாக. நம் ஆள் சக்கரத்தோடு நடக்கிறார், குனிகிறார், கட்டையைப் போடுகிறார். தேர் நிற்கிறது.

கேள்வி தீர்ந்துவிட்டது. இதற்குப் பிறகு 20 விநாடிக்கு மேல் எது போட்டாலும் சுமைதான். தீபாராதனை, வாணவேடிக்கை, பிரசாதம், அமைச்சர் வருகை எல்லாம் நிஜத்தில் இதற்குப் பிறகு நடந்திருக்கலாம். அவற்றில் வேண்டியதை நடுப்பகுதியின் ஓய்வில் எங்காவது சேர்க்க முடியுமா பாருங்கள், முடியாவிட்டால் இல்லை. வடத்தைக் கீழே போட்டுவிட்டுக் கூட்டம் கலைவது ஒரு ஷாட், பிறகு எழுத்துகள் 30 விநாடி. மொத்தம் 12 நிமிடம்.

சத்தம்

படத்தை வெட்டிய பிறகு சத்தத்தைப் பார்க்கலாம் என்பது கல்யாண வீடியோப் பழக்கம். மேளம் நடக்கும்போது ஒவ்வொரு கட்டிலும் தவில் தாளம் எகிறும், நாதஸ்வரம் பாதி சங்கதியில் வேறு ராகத்துக்குத் தாவும். பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ சரியில்லை என்று நெளிவார்.

தலைகீழாகச் செய்யுங்கள். கீழவீதி ஒரு நிமிடத்துக்கு முதலில் ஒரே கிளிப்பிலிருந்து வெட்டில்லாத ஒரு நிமிட மேளத்தை எடுத்து டைம்லைனில் போடுங்கள். படத்துண்டுகளை அதன்மேல் அடுக்குங்கள், அவற்றின் சொந்தச் சத்தத்தை மிகவும் தாழ்த்திவிடுங்கள். மேளத்தை எங்கே முடிப்பது? தவில்காரர் தீர்மானம் வைத்து அடிக்கும் இடம் பதிவில் எங்காவது வரும், அங்கே. அப்படி ஓர் இடம் கிடைக்கவில்லை என்றால் வெடியோ, கூட்டத்தின் கூச்சலோ மேலே விழும் இடத்தில் மாற்றினால் ஒட்டு தெரியாது.

முக்கில் மேளத்தை முழுதாக நிறுத்திவிடுங்கள். பிளேட் உரசும் சத்தம், சுத்தியல், “இழு” என்ற கத்தல், இரும்பு கிறீச்சிடுவது. அடுத்த காட்சியின் சத்தத்தைப் படத்துக்கு ஒரு விநாடி முன்பே தொடங்குவதும் இங்கே நன்றாக வேலை செய்யும். கலசம் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும்போதே கீழே ஆரவாரம் கேட்கத் தொடங்கினால், தேர் திரும்பிவிட்டது என்று காது முதலில் அறியும்.

கேமராவின் சொந்த மைக்கில் எடுத்த தவிலும் வெடியும் பல இடத்தில் உடைந்திருக்கும். அலைவடிவத்தின் உச்சி கத்தரித்தாற்போல் தட்டையாக இருந்தால் அது உடைந்தது. ஒலியைக் குறைத்தாலும் கரகரப்பு போகாது. மாடியில் இருந்த கேமரா தூரத்தில் இருந்ததால் அதில் உடையாமல் இருக்கலாம், அதை எடுத்து அடியில் போடுங்கள்.

ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டும் பக்திப் பாட்டும் ஓடிக்கொண்டிருக்கும் இடங்களைக் குறிப்பில் முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். யூடியூபில் ஏற்றியதும் உரிமை கோரும் அறிவிப்பு வருவது அந்த இடங்களுக்குத்தான். படத்தை வைத்துக்கொண்டு சத்தத்தை மட்டும் வேறு கிளிப்பின் கூட்ட இரைச்சலால் மாற்றிவிடலாம்.

சோதித்து வெளியிடுவது

முதல் கோர்ப்பு 12 நிமிடமாக வராது, 20 நிமிடமாவது இருக்கும். அதை அந்தத் திருவிழாவுக்கு வராத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். ஊர்க்காரர் கருத்து இந்த இடத்தில் பயன்படாது, அவர் நினைவில் இருப்பதையும் சேர்த்துப் பார்ப்பார். “நல்லா இருக்கா?” என்றும் கேட்காதீர்கள், எல்லாரும் நல்லா இருக்கு என்பார்கள். நடுவில் சட்டென்று நிறுத்தி, “தேர் இப்போ எங்கே நிக்குது, அடுத்து என்ன ஆகணும்?” என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாத இடத்தில் ஓர் அகல ஷாட் குறைகிறது. அவர் போனைக் கையில் எடுக்கும் இடத்தில் ஏற்கெனவே காட்டியதை மறுபடி காட்டுகிறீர்கள். இந்த இரண்டு இடங்களையும் சரிசெய்தாலே 20 நிமிடம் 14 ஆகிவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஷாட்டின் தலையிலும் வாலிலும் அரை விநாடி, ஒரு விநாடி கிள்ளினால் 12.

இணையத்துக்கான பிரதியில் மொத்த ஒலியளவை -14 LUFS பக்கத்திலும் உச்சத்தை -1 dB-க்குள்ளும் வைத்தால் போதும். நிறத்தில் அதிகம் விளையாடாதீர்கள். மூன்று கேமராவிலும் அதே தேர்ச்சீலை அதே சிவப்பாகத் தெரிகிறதா என்பதைச் சரிபார்த்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

உபயதாரர்கள் விஷயம் தனி. படம் வெளியானதும் மண்டகப்படிக்காரர் ஒருவர், “எங்க வீட்டு வாசல்ல தேர் நின்னுச்சே தம்பி, அது எங்கே?” என்று கேட்பார். அவர் கேட்பது நியாயம்தான், ஆனால் அதற்காகப் படத்தைத் திறந்து ஷாட் சேர்க்கத் தொடங்கினால் மறுபடி 40 நிமிடத்தில் போய் நிற்பீர்கள். முதல் நாளே இரண்டு பிரதி என்று சொல்லிவிடுங்கள். 12 நிமிடப் படம் ஒன்று, அதன் கடைசி எழுத்துகளில் உபயதாரர் பெயர் எல்லாம் இருக்கும். இன்னொன்று, முதல் சுற்றில் கழித்தவை போக மீதியை நடந்த வரிசையில், வீதி வாரியாகப் பிரித்துப் பென் டிரைவில். அவரவர் வாசல் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்பதை உங்கள் குறிப்பு நோட்டைப் பார்த்து ஒரு தாளில் எழுதிக் கூடவே கொடுத்துவிடலாம்.